பின் செய்வதா, பெயரை மாற்றுவதா, குறிச்சொல் போடுவதா? வீடு கட்டும்போது வந்த வாட்ஸாப் செய்திகளைப் பிறகு தேடி எடுக்க

வீடு கட்டுகிறவர்களின் வாட்ஸாப்பில் ஏழெட்டு மாதத்தில் சேரும் செய்திக்கு அளவில்லை. பொறியாளர், மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஹார்டுவேர் கடை, டைல்ஸ் கடை, வங்கியில் கடன் பார்க்கிறவர், போதாததற்குக் குடும்பக் குழு ஒன்று. கட்டும்போது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், தினமும் பேசுகிற ஆட்கள் என்பதால். சிக்கல் வருவது குடிபோன பிறகு. குளியலறையில் கீசர் மாட்ட வந்தவர் சுவரில் டிரில்லை வைத்துக்கொண்டு, "சார், இதுக்குள்ள பைப் எங்க போகுது?" என்று கேட்பார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பிளம்பர் எடுத்து அனுப்பிய படம் எங்கோ இருக்கிறது. அந்த "எங்கோ"வை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க எந்த வழி உதவும், எது உதவாது என்பதுதான் இங்கே கேள்வி.

பலரும் முதலில் கையில் எடுப்பது பின் செய்வதைத்தான், அதாவது உரையாடலைப் பட்டியலின் உச்சியிலேயே நிறுத்திவைப்பதை. ஆண்ட்ராய்டில் உரையாடலை அழுத்திப் பிடித்து மேலே வரும் பின் குறியைத் தட்ட வேண்டும். ஐபோனில் உரையாடலை வலப்பக்கம் இழுத்தால் அந்தப் பொத்தான் வரும். சாதாரணமாக மூன்று உரையாடல்களைத்தான் இப்படி மேலே நிறுத்த முடியும். வேலை நடக்கிற மாதங்களில் இது நல்ல வழி. பொறியாளர், மேஸ்திரி, குடும்பக் குழு மூன்றும் மேலேயே நின்றால் காலையில் யாருக்குப் பதில் போடவில்லை என்று உடனே தெரியும்.

ஆனால் பின் என்பது இன்றைய வேலைக்கானது. கூரை போட்டு முடித்த வாரமே மேஸ்திரியை எடுத்துவிட்டுப் பெயிண்டரை மேலே ஏற்றியிருப்பீர்கள். எட்டு மாதம் கழித்துத் தேவைப்படுகிற பிளம்பர் அந்த மூன்றில் இருக்கவே மாட்டார். இருந்தாலும் உரையாடல்தான் மேலே நிற்கும், படம் அதற்குள் ஆயிரம் செய்திக்கு அடியில் கிடக்கும்.

உரையாடலுக்குள் ஒரு செய்தியை மட்டும் பின் செய்யும் வசதியும் இருக்கிறது, 2023 டிசம்பரில் வந்தது. இதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். பின் செய்யும்போதே 24 மணி நேரமா, 7 நாளா, 30 நாளா என்று கேட்கும். 30 நாளுக்கு மேல் வைக்க வழியில்லை. ஒரு உரையாடலில் மூன்று செய்தி வரைதான். "வெள்ளிக்கிழமை கான்கிரீட், காலை ஆறு மணிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள்" என்பதைப் பின் செய்யலாம். பைப் போன வழியை அப்படி வைத்தால் டைல்ஸ் ஒட்டி முடிப்பதற்குள் பின் கழன்றுவிடும், கழன்றது உங்களுக்கு நினைவிலும் இருக்காது.

பெயரை மாற்றுவது இதைவிட எளிமையாகத் தோன்றினாலும் நெடுநாள் பயன் தருவது. நம் ஊரில் "ரவி பிளம்பர்", "கேஸ் அண்ணாச்சி" என்று எண்ணைச் சேமிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால் போதும். முதலில் எந்த வேலை, பிறகு ஆள், கடைசியில் தொழில்: "வீடு குமார் பிளம்பர்", "வீடு செல்வம் மேஸ்திரி", "வீடு டைல்ஸ் கடை". தொடர்புப் பட்டியலில் இவை எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். வாட்ஸாப் தேடல் பெயரில் உள்ள எந்தச் சொல்லின் தொடக்கத்தையும் பிடிக்கும் என்பதால் "பிள" என்று தட்டினாலே குமார் வந்துவிடுவார். அவசரத்தில் ஆங்கில விசைப்பலகையில் தட்டுகிறவர் என்றால் பெயரின் முடிவில் `plumber` என்றும் சேர்த்துவிடுங்கள். ஆள் பெயர் மறந்துபோனாலும் தொழில் மறக்காது.

தனி ஆளின் பெயரை நீங்கள் எப்படி மாற்றினாலும் அது உங்கள் தொலைபேசியில் மட்டும்தான், அவருக்குத் தெரியாது. உரையாடல் எண்ணோடு கட்டப்பட்டது, பெயரோடு அல்ல. ஆகவே பெயரை மாற்றுவதால் பழைய செய்தி எதுவும் போகாது. குழுவின் பெயர் அப்படியல்ல. அதை மாற்றினால் எல்லாருக்கும் மாறும், யார் மாற்றினார் என்ற வரியும் குழுவில் விழும். 100 எழுத்து வரை இடம் இருந்தாலும் பட்டியலில் முதல் சில சொற்கள்தான் தெரியும். "நம்ம கனவு இல்லம் வேலை நடக்கும் குழு" என்று வைத்தால் தேடுகிறபோது எந்தச் சொல்லும் நினைவுக்கு வராது. "வீடு எலக்ட்ரிக்" என்று வைத்தால் வரும்.

பெயர் மாற்றம் பொய்த்துப்போகும் இடம் ஒன்றுண்டு, தொலைபேசி மாற்றும் நாள். சேமிக்கும்போது பெயர் எங்கே போகிறது என்று ஆண்ட்ராய்டு கேட்கும்: கூகுள் கணக்கிலா, தொலைபேசியிலா, சிம்மிலா. தொலைபேசியில் மட்டும் சேமித்தவை புதுத் தொலைபேசிக்குத் தானாக வராது. உரையாடல்கள் பேக்கப்பிலிருந்து திரும்பிவிடும், ஆனால் "வீடு குமார் பிளம்பர்" இருந்த இடத்தில் வெறும் பத்து இலக்க எண் நிற்கும். ஏற்கெனவே சேமித்தவை எங்கே இருக்கின்றன என்பதை ஒருவரின் தொடர்பைத் திறந்து பார்த்தாலே தெரியும். கூகுள் கணக்கில் இல்லையென்றால் இப்போதே அங்கு நகர்த்துங்கள். இன்னொன்று, மேஸ்திரிகள் எண்ணை மாற்றுவார்கள். புது எண்ணிலிருந்து வந்தால் அது புது உரையாடல். பழைய எண்ணின் தொடர்பை அழிக்காமல் "வீடு செல்வம் மேஸ்திரி பழைய எண்" என்று வைத்திருந்தால்தான் அடித்தளம் போட்ட காலத்துச் செய்திகளைப் பெயர் சொல்லித் தேட முடியும்.

ஆக, பெயர் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. 2024 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்ட லிஸ்ட் வசதியும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. உரையாடல் பட்டியலுக்கு மேலே இருக்கும் `+` குறியைத் தட்டி "வீடு" என்று ஒரு லிஸ்ட் உண்டாக்கி, ஆட்களையும் குழுக்களையும் அதில் சேர்க்கலாம். ஒரே உரையாடல் பல லிஸ்டில் இருக்கலாம். பார்க்க வசதிதான். ஆனால் பெயரை ஒழுங்காக வைத்தவருக்கு இது கூடுதலாக எதுவும் கண்டுபிடித்துத் தராது. அந்த நேரத்தைக் குறிச்சொல்லுக்குச் செலவிடுவது மேல்.

வணிகம் செய்கிறவர் கணக்கு வேறு. வாட்ஸாப் பிசினஸ் செயலியில் லேபிள் உண்டு, 20 வரை போடலாம்; புது ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது என்று சில லேபிள்கள் தயாராகவே இருக்கும். ஹார்டுவேர் கடைக்காரருக்கு இது உண்மையிலேயே பயன்படும், ஏனென்றால் அவரிடம் நூறு வாடிக்கையாளரும் ஒரே நான்கு நிலைகளுக்குள் அடங்குவார்கள். வீடு கட்டுகிறவருக்கு ஆட்கள் பத்து பேர், விஷயங்கள் நூறு. லேபிளுக்காக மட்டும் செயலியை மாற்றுவது வீண் வேலை.

இப்போது ஸ்டாரும் குறிச்சொல்லும். இரண்டுமே ஆளைப் பிடிக்காமல் செய்தியையே பிடிக்கிறவை.

செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரத்தைத் தட்டினால் அது உங்களுக்கு மட்டும் குறிக்கப்படும். காலாவதி இல்லை. ஒரு உரையாடலின் ஸ்டார்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மேலே பெயரைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். முப்பது நாற்பது வரை இது அருமையாக வேலை செய்யும். அதற்குமேல் போனால் ஸ்டார் பட்டியலே இன்னொரு நீண்ட உரையாடல் ஆகிவிடும், ஏனென்றால் ஏன் ஸ்டார் போட்டோம் என்பதை எழுதிவைக்க அதில் இடமில்லை. தலைப்பில்லாத சிமெண்ட் சுவர்ப் படங்கள் பதினைந்து வரிசையாக இருந்தால், எது வடக்குச் சுவர், எது சமையலறை என்று எடுத்தவருக்கே தெரியாது.

ஸ்டாரின் இன்னொரு பலவீனத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்டார் செய்திக்குத்தான், கோப்புக்கு அல்ல. ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் படங்கள் தொலைபேசியின் சேமிப்பில் தனிக் கோப்புகளாக உட்கார்ந்திருக்கும். இடம் போதவில்லை என்று கேலரியில் அவற்றை மொத்தமாக அழித்தால், செய்தியும் ஸ்டாரும் அப்படியே இருக்கும், படம் மட்டும் மங்கலாகத் தெரியும், திறக்காது. வந்த படத்தைத் தட்டி இறக்காமலேயே விட்டு, மாதங்கள் கழித்துத் தட்டினாலும் இதே கதைதான். அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள் என்று சொல்லிவிடும். மறையும் செய்திகளை இயக்கிவைத்த உரையாடலில் ஸ்டார் போட்டும் பயனில்லை, நாள் வந்ததும் போய்விடும். அங்கே `Keep` என்பதைத் தேர்ந்தால்தான் தங்கும். வீடு சம்பந்தப்பட்ட உரையாடல்களில் அந்த வசதியை அணைத்துவைப்பதே நல்லது.

குறிச்சொல் என்று வாட்ஸாப்பில் தனிப் பொத்தான் எதுவும் இல்லை. நாமே செய்துகொள்வதுதான். பிளம்பர் படம் அனுப்பினால், அந்தப் படத்துக்கே பதிலாக, அதாவது படத்தை வலப்பக்கம் இழுத்து, ஒரு வரி எழுத வேண்டும்:

```
வீடுபைப் பாத்ரூம் வடக்குச் சுவர், டைல்ஸுக்கு முன்
```

தேடலுக்கு எட்டாதவை படத்தின் உள்ளே இருப்பதும் குரல் பதிவில் சொன்னதும். எட்டுவது எழுத்து மட்டுமே. அந்த எழுத்தை நாம் கொடுத்துவிட்டால், எட்டு மாதம் கழித்துத் தேடலில் இந்தப் பதில் வரும். பதிலின் மேலே சிறிதாகத் தெரியும் படத்தைத் தட்டினால் மூலப் படத்துக்கே கொண்டுபோய் விடும். மேஸ்திரி இரண்டு நிமிடக் குரல் பதிவில் கம்பிக் கணக்கு சொல்லியிருந்தால் அதற்கும் இதே முறைதான்.

"வீடுபைப்" என்று ஒட்டி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. "பைப்" என்று தனியாகத் தேடினால் பைப் வாங்கினது, பைப் வரலை, பைப் லீக் என்று நூறு வரும். ஒட்டுச்சொல்லை யாரும் சாதாரணப் பேச்சில் எழுத மாட்டார்கள், ஆகவே நீங்கள் குறித்தவை மட்டுமே வரும். `#` தேவையில்லை; வாட்ஸாப்பில் அதைத் தட்டினால் எதுவும் திறக்காது. மொத்தம் ஐந்தாறு சொல் போதும்: வீடுபைப், வீடுவயர், வீடுபணம், வீடுகாகிதம், வீடுஅளவு. இருபது சொல் வைத்தால் எதை எங்கே போட்டோம் என்பதே இன்னொரு தேடலாகிவிடும்.

தமிழில் தேடும்போது ஒரு சங்கடம் உண்டு. நாம் "பத்திரம்" என்று தேடுவோம், செய்தியில் "பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்று இருக்கும். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் "பத்திரம்" அதில் இல்லை, தேடலும் காட்டாது. "பத்திர" வரை மட்டும் தட்டினால் இரண்டும் வரும். அதேபோல "வீடு" என்று தேடினால் "வீட்டு வரி" வராது. வேற்றுமை சேர்ந்தால் மாறாத பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுவது நல்லது. சொல்லின் தொடக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும், நடுவிலிருந்து கொடுத்தால் சிக்காது. பெரிய தொல்லை, எதிரில் இருப்பவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. ஒருவர் `pathiram` என்பார், இன்னொருவர் `patthiram` என்பார், அவசரத்தில் `pathrm` என்றும் வரும். இதற்குத் தேடலில் மருந்தில்லை. உங்கள் குறிச்சொல் மட்டும் எப்போதும் ஒரே எழுத்தில், ஒரே மாதிரி இருந்தால் மற்றவர் எப்படி எழுதினாலும் கவலையில்லை.

நீங்களே அனுப்பிய படத்துக்குத் தலைப்பு போட மறந்திருந்தாலும் பதிலாகவே குறிச்சொல்லைப் போடலாம். தலைப்பு போட்டு, சொல்லை மட்டும் விட்டிருந்தால் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்திவிடலாம்.

பதில் எதிரே இருப்பவருக்கும் போகும் என்று தயங்க வேண்டாம். பணத்தில் அதுவே லாபம். மேஸ்திரிக்கு ஜிபே செய்த ஸ்கிரீன்ஷாட்டோடு "வீடுபணம் 25,000 லிண்டல் மட்டம் வரை, சரிங்களா?" என்று எழுதினால், அவர் "சரிங்க" என்று போடும் ஒரு சொல் பின்னால் கணக்குப் பார்க்கும்போது பேச்சைக் குறைக்கும். கடைசி பாக்கி தீர்க்கிற அன்று "வீடுபணம்" என்று அவர் உரையாடலில் தேடினால் கொடுத்தது அத்தனையும் வரிசையாக வந்துவிடும்.

குளியலறைச் சுவருக்கு வருவோம். கீசர்க்காரர் காத்திருக்கிறார். பின் மட்டும் செய்திருந்தவருக்கு இப்போது மேலே இருப்பது பால்காரரும் பள்ளிக் குழுவும். பெயரை மாற்றியிருந்தவர் "பிள" தட்டிக் குமாரைப் பிடிப்பார். பிறகு பெயரைத் தட்டி மீடியாவுக்குள் போய்ச் சில நூறு படங்களைத் தள்ள வேண்டும். டைல்ஸ் ஒட்டிய மாதம் நினைவிருந்தால் வேலை குறையும்: உரையாடலுக்குள் தேடலைத் திறந்தால் காலண்டர் குறி தெரியும், அதில் நாளைத் தேர்ந்தால் அந்த நாளின் செய்திகளுக்கே போகும். ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும், எந்தச் சுவர் என்ற சந்தேகத்தோடு. குறிச்சொல் போட்டவர் பொதுத் தேடலில் "வீடுபைப்" என்று தட்டினால் ஏழெட்டு வரிகள் வரும், அதில் "வடக்குச் சுவர்" என்று எழுதியதைத் தட்டுவார்.

ஆனால் அந்தப் படம் உதவ வேண்டுமென்றால் எடுக்கும்போதே அளவு தெரிய வேண்டும். சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் பக்கத்து மூலையிலிருந்தும் எவ்வளவு என்று தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். டேப் இல்லாத படத்தில் பைப் இருக்கிறது என்று தெரியும், எங்கே துளையிடலாம் என்று தெரியாது. அனுப்பும்போது படமாக அனுப்பினால் வாட்ஸாப் சுருக்கிவிடும், டேப்பின் எண்கள் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் அசல் தரம் இருக்கும், கோப்பின் பெயரும் மாறாமல் வரும். வழக்கமாகக் கிடைக்கும் `IMG-20240312-WA0007.jpg` என்ற பெயரில் நாளைத் தவிர ஒன்றும் இல்லை.

குறித்தவற்றை ஒரே இடத்தில் சேர்க்க நினைத்து, தனிக் குழுவுக்கு ஃபார்வர்டு செய்கிறவர்கள் உண்டு. கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் "வீடு பதிவேடு" குழு நல்ல யோசனைதான், ஒரு தொலைபேசி தொலைந்தாலும் இன்னொன்றில் இருக்கும். ஆனால் ஃபார்வர்டு செய்தால் முதலில் அனுப்பியவர் பெயரும் அனுப்பிய நாளும் கூட வராது. ஃபார்வர்டு செய்த நாள்தான் நிற்கும். பைப் படத்துக்கு அது பரவாயில்லை. பணப் பேச்சுக்கும் "இந்தத் தேதிக்குள் முடித்துத் தருகிறேன்" என்ற உறுதிக்கும் அது பரவாயில்லை என்று விட முடியாது. அவற்றை இருந்த இடத்திலேயே குறிச்சொல்லால் பிடியுங்கள்.

இந்த விஷயத்தில் டெலிகிராம் பல படி மேல். செய்தியைப் பின் செய்தால் நாள் கணக்கு இல்லாமல் நிற்கும், எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். கட்டணமில்லாத கணக்கிலேயே பத்து ஃபோல்டர் வரை உண்டு. ஹாஷ்டேகைத் தட்டினால் அதே குறியுள்ள செய்திகள் வரும். தமிழில் குறி போட்டால் அது முழுதும் நீல நிறமாகிறதா என்று ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். படங்கள் அவர்கள் சர்வரில் இருப்பதால் கேலரியைச் சுத்தம் செய்தாலும் போகாது. எல்லாம் சரி, மேஸ்திரி டெலிகிராமில் இல்லை. அவருக்காகச் செயலியை மாற்ற முடியாது, அவரும் மாற மாட்டார். பதிவேடு வைக்கிற இடமாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆகவே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருப்பவர் குறிச்சொல்லைச் செய்யட்டும், அதுவும் படம் வந்த உடனே. மாலையில் உட்கார்ந்து மொத்தமாகப் போடலாம் என்று விட்டால் அந்த மாலை வராது. பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் ஆட்களின் பெயரை மாற்றிவிடலாம், அது ஒரே தடவை வேலை. பின் செய்வதை உங்களுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி எதையும் ஒப்படைக்க வேண்டாம்.

ஏற்கெனவே பாதி வீடு எழும்பிவிட்டது, இதுவரை எதையும் குறிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் திரும்பிப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. சுவருக்குள் மறைந்துவிட்டவை, அதாவது பைப், வயர், கம்பி, பிறகு பணம், பிறகு ஒப்புக்கொண்ட தேதிகள். இந்த மூன்றை மட்டும் காலண்டர் வழியாகத் தேடிப் பிடித்துக் குறிச்சொல் போடுங்கள். வேலை முடிந்ததும் ஆட்களின் உரையாடல்களை ஆர்க்கைவ் செய்யலாம். கண்ணில் படாமல் போகும், தேடலில் வரும். அழிக்க மட்டும் வேண்டாம். பணம் பேசிய உரையாடலை `Export chat` வழியாக எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். படமில்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்தி வரை வரும், படத்தோடு என்றால் 10,000. ஒரு மேஸ்திரியோடு பேசியதற்கு முதலாவது தாராளமாகப் போதும்.